தைப்பூச விரதமும் இனிப்புநீரும்: கிளினிக்கோட வாராந்திரக் குறிப்ப முன்கூட்டியே எழுதி, சரிபாத்து, போடுறது எப்படி

நான் பினாங்குல ஒரு சின்ன கிளினிக்ல கவுண்டர் பாக்குறேன். டாக்டர் ஒருத்தர், மிஸ்ஸி ரெண்டு பேரு, அப்புறம் நான், அவ்வளவுதான் ஆளு. ஒவ்வொரு செவ்வாய்க்கெழமையும் காலைல 9.30க்கு எங்க பேஸ்புக் பக்கத்துல ஒரு உடல்நலக் குறிப்பு வரும், அதே படம் வாட்சப்லயும் போகும். இத ஆரம்பிச்சு நடத்துறது நான்தான். இப்ப வேற ரெண்டு கிளினிக்ல இருந்து புதுசா இந்த வேலைய எடுத்துக்கிட்டவங்க எப்படி செய்யுறதுன்னு கேட்டாங்க, அதனால ஒரே ஒரு விஷயத்த எடுத்து முழுசா சொல்றேன், அத வெச்சு மத்த குறிப்பெல்லாம் நீங்களே போட்டுக்கலாம். நான் எடுக்குறது 2026 தைப்பூசத்துக்கு நாங்க போட்ட விரதக் குறிப்பு. ஏன்னா எங்க ஆளுங்களுக்கு இது ரொம்ப பக்கத்துல இருக்குற விஷயம், அதே நேரத்துல ஒரு வார்த்த மாறுனாக்கூட ஒருத்தர் மயங்கி விழுந்துடுவார்.

தேதிய பின்னாடி இருந்து எண்ணுங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யுற தப்பு, தைப்பூச வாரத்துல தைப்பூசக் குறிப்பு போடுறது. நானும் முத வருஷம் அப்படித்தான் போட்டேன், படம்லாம் அழகா பால்குடம் வெச்சு. ஆனா அன்னைக்கு அத படிச்சு யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா 48 நாள் விரதம் இருக்குறவர் ஏற்கனவே ஒன்றரை மாசமா ஒருவேளை சாப்பாட்டுல இருக்கார், மருந்து மாத்தணும்னா அது எப்பவோ செஞ்சிருக்கணும்.

அதனால நாள்காட்டிய எடுத்து பின்னாடி இருந்து எண்ணுங்க. 2026 தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயித்துக்கெழமை. அதுல இருந்து 48 நாள் பின்னாடி போனா 2025 டிசம்பர் 15. அதுதான் நீண்ட விரதம் எடுக்குறவங்க மால போடுற நாள். அவங்க அதுக்கு முன்னாடி டாக்டர பாக்க வரணும், ரத்தம் எடுக்கணும், மருந்து மாத்துனா அது ஒடம்புக்கு ஒத்துவருதான்னு ஒரு ரெண்டு வாரம் பாக்கணும், அப்ப கொறஞ்சது மூனு நாலு வாரம் வேணும். அப்படி எண்ணி நாங்க முத குறிப்ப நவம்பர் 18 செவ்வாய்க்கெழமைக்கு வெச்சோம். எல்லாரும் 48 நாள் இருக்குறதில்ல, 21 நாள், ஒரு வாரம், மூனு நாள்னு ஆளுக்கு ஆள் மாறும், ஆனா ரொம்ப சீக்கிரமா ஆரம்பிக்குறவர கணக்குல எடுத்தா மத்தவங்க தன்னால அடங்கிடுவாங்க.

நவம்பர் 18 பேஸ்புக்ல வரணும்னா எனக்கு வேலை அதுக்கு மூனு வாரம் முன்னாடியே ஆரம்பிக்குது. அக்டோபர் 28 எழுதி முடிக்கணும், நவம்பர் 4க்குள்ள டாக்டர் பாத்து கையெழுத்து போடணும், நவம்பர் 11 படத்தோட சேத்து ஷெட்யூல் பண்ணி வெக்கணும். இந்த ஒரு வார இடைவெளி எதுக்குன்னா டாக்டருக்கு ஒரு வாரம் கூட்டமா இருந்தா அடுத்த வாரம் பாப்பார், குறிப்பு அவருக்காகக் காத்திருக்கலாம், அவரு குறிப்புக்காக அவசரப்படக் கூடாது. காலைல 9.30க்கு போடப்போற குறிப்ப 9.15க்கு டாக்டர் முன்னாடி நீட்டி "ஒரு தடவ பாருங்க டாக்டர்"னு கேக்குறது சரிபாக்குறதே இல்ல, அவரு தலையாட்டுவார், அவ்வளவுதான்.

ஏன் செவ்வாய் காலைலன்னு கேப்பீங்க. சனிக்கெழம ராத்திரி போட்டா நெறைய பேர் பாப்பாங்கன்னு சொல்வாங்க, பாப்பாங்கதான், ஆனா ஒரு ஆன்ட்டி "மாத்திரை போட்டுட்டேன், கை நடுங்குது, என்ன பண்றது"ன்னு கீழ எழுதுனா ஞாயித்துக்கெழம பூட்டி கெடக்குற கிளினிக்ல யாரு படிப்பா? கிளினிக் தெறந்திருக்குற நேரத்துல, ஆள் இருக்குற நேரத்துல போடுங்க, பாக்குறவங்க கொறஞ்சாலும் பரவால்ல.

எழுதும்போது: எங்க இருந்து எடுக்குறீங்கன்னு பாருங்க

தமிழ்ல இனிப்புநீர் பத்தி தேடுனா வர்றதுல முக்காவாசி தமிழ்நாட்டுல இருந்து வர்ற வீடியோவும் கட்டுரையும்தான். நல்ல டாக்டருங்க சொல்றதுதான், நான் கொறை சொல்லல, ஆனா அப்படியே எடுத்துப் போட்டா இங்க தப்பாயிடும். அங்க சர்க்கரை அளவ mg/dL கணக்குல சொல்வாங்க, நம்ம வீட்டுல இருக்குற மெஷின் mmol/L காட்டும். அங்க "70க்கு கீழ போனா ஆபத்து"ன்னு சொல்றது இங்க 3.9. அந்த எண்ண 18ஆல வகுத்தா நம்ம எண் வந்துடும். நம்ம அங்கிள் ஒருத்தர் மெஷின்ல 3.2ன்னு பாக்குறார், மனசுல "70க்கு கீழ"ன்னு இருக்கு, 3.2க்கும் 70க்கும் சம்பந்தமே தெரியல, சரி மெஷின் கெட்டுப்போச்சுன்னு எடுத்து வெச்சிட்டு படுத்துடுவார். இன்னொன்னு, அவசரத்துக்கு அங்க 108, இங்க 999. இதையும் நான் ஒரு தடவ அப்படியே எழுதிட்டேன், மிஸ்ஸிதான் கண்டுபுடிச்சாங்க. அதனால எழுதி முடிச்சதும் எண்ணு வர்ற எடத்தையெல்லாம் பேனாவால வட்டம் போடுங்க. அளவு, டோஸ், போன் நம்பர், தேதி, மணி, எதுவா இருந்தாலும் வட்டம். சரிபாக்குறவர் முதல்ல அந்த வட்டத்தத்தான் பாக்கணும்.

வார்த்தையும் நம்ம ஊரு வார்த்தையா இருக்கட்டும். "நீரிழிவு"ன்னு எழுதுனா பெரியவங்க பாதி பேர் தாண்டிப் போயிடுவாங்க, இனிப்புநீர்னு எழுதுங்க.

ஒரு குறிப்புல ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. நான் முதல்ல விரதம், மருந்து, சீனி கொறையுறது, வெறுங்கால், வெயில் எல்லாத்தையும் ஒரே படத்துல அடைச்சேன், டாக்டர் பாத்துட்டு "இத படிக்குறதுக்கே கண்ணாடி ரெண்டு போடணும்"னாரு. அப்புறம் நாலா பிரிச்சோம். நவம்பர் 18 விரதத்துக்கு முன்னாடி டாக்டர பாருங்கங்குறது, டிசம்பர் 9 சீனி கொறைஞ்சா என்ன செய்யணும், ஜனவரி 20 கால் பாதுகாப்பு, ஜனவரி 27 அன்னைக்கு நடக்கும்போது கூட வர்றவங்க என்ன எடுத்துட்டு வரணும். நாலும் செவ்வாய்க்கெழம. மருந்து பத்தினதுதான் ரொம்ப கஷ்டம், அதனால அதையே விவரமா சொல்றேன்.

டாக்டர் எப்படி சரிபாத்தாரு

நான் எழுதுன முத வடிவம் இதுதான்:

"தைப்பூச விரதம் இருக்கும்போது சாப்பாடு கொறையுறதுனால இனிப்புநீர் மாத்திரைய பாதியா கொறைச்சுக்கோங்க. மயக்கம் வந்தா இனிப்பா ஏதாச்சும் சாப்பிடுங்க."

டாக்டர் சிவப்பு பேனாவ எடுத்து முத வரிய அப்படியே அடிச்சிட்டாரு. ஏன்னு கேட்டேன், உக்கார வெச்சு சொன்னாரு. இனிப்புநீர் மாத்திரை எல்லாம் ஒன்னு இல்ல. கிளிக்லசைட் மாதிரி மாத்திரை, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலனாலும் கணையத்த தட்டி இன்சுலின் சுரக்க வெக்கும், அதனால காலைல அத போட்டுட்டு சாயங்காலம் பூஜை முடிஞ்சு சாப்பிடுறவருக்கு மத்தியானம் சீனி தடால்னு எறங்கிடும். மெட்ஃபார்மின் அப்படி இல்ல, அது மட்டும் எடுக்குறவங்களுக்கு சீனி அளவுக்கு மீறி எறங்குறது கொறைவு. இன்சுலின் ஊசி போடுறவங்க கதை வேற. ஒன்னுக்கு நிறைய போக வெச்சு சீனிய வெளியேத்துற புது வகை மாத்திரை இருக்கு, அத எடுக்குறவங்க தண்ணியும் கொறைச்சு சாப்பாடும் கொறைச்சா வேற ஒரு ஆபத்து. "இதுல யாருக்கு பாதி, யாருக்கு முழுசு, யாருக்கு நேரம் மட்டும் மாத்தணும்னு ஒரு படத்துல எப்படிம்மா சொல்லுவே?"ன்னு கேட்டாரு.

சரின்னு நான் பாதுகாப்பா இருக்கட்டும்னு மாத்தி எழுதுனேன்: "மருந்த நீங்களா மாத்தாதீங்க, எப்பவும் போல எடுங்க." இத எழுதிட்டு இனிமே பிரச்சினை இல்லன்னு நெனச்சேன். டாக்டர் இதையும் அடிச்சாரு. எனக்கு அப்ப கொஞ்சம் கோவம்கூட வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, எப்பவும் போல கிளிக்லசைட் எடுத்துட்டு நாள் முழுக்க பட்டினி கெடந்தா அதுதான் எல்லாத்தையும் விட மோசம். ஆக எச்சரிக்கைன்னு நான் எழுதுன வரியே ஆபத்து. அன்னைக்குத்தான் எனக்கு புரிஞ்சுச்சு, எச்சரிக்கை வரியையும் மத்த வரி மாதிரியே சரிபாக்கணும், "டாக்டரக் கேளுங்க, ஜாக்கிரதை"ன்னு போட்டுட்டா நம்ம கடமை முடிஞ்சுதுன்னு இல்ல.

அதுல இருந்து நாங்க ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். குறிப்ப வரி வரியா பிரிச்சு ஒரு தாள்ல எழுதுவேன், ஒரு வரிக்கு ஒரு விஷயம். டாக்டர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல மூனுல ஒன்னு எழுதுவாரு. எல்லாருக்கும் பொருந்துற வரின்னா "எல்லாம்". சிலருக்கு மட்டும்னா "சிலர்", அப்ப யாருக்குன்னு அந்த வரியிலேயே முன்னாடி வரணும், கீழ சின்ன எழுத்துல வரக் கூடாது. ஆள பாத்துதான் சொல்ல முடியும்னா "நேர்ல", அந்த வரி குறிப்புல இருந்து போயிடும், அதுக்கு பதிலா கிளினிக்குக்கு வாங்கன்னு மட்டும் இருக்கும். டோஸ் பத்தி எழுதுற எல்லாமே கடைசில "நேர்ல"ல போய்தான் விழும், இத மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு நேரம் மிச்சம். தாளப் பாக்கும்போது டாக்டர் கேக்குற கேள்வி ஒன்னே ஒன்னு, "இந்த வரிய நம்பி ஒருத்தர் அப்படியே செஞ்சா யாருக்கு கெடுதல் ஆகும்?" சரியா தப்பான்னு மட்டும் கேட்டா நெறைய வரி தப்பிச்சிடும், ஏன்னா வரி சரியாத்தான் இருக்கும், படிக்குற ஆளுக்குத்தான் அது பொருந்தாது.

கடைசில போன குறிப்பு இப்படி வந்துச்சு:

"இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்குறீங்களா, தைப்பூச விரதம் இருக்கப் போறீங்களா? விரதம் தொடங்குறதுக்கு மூனு வாரத்துக்கு முன்னாடியே டாக்டரப் பாருங்க. பழைய அளவு மருந்தோட பட்டினி இருக்க வேணாம், நீங்களா கொறைக்கவும் வேணாம், ரெண்டும் ஆபத்து. வரும்போது வீட்டுல இருக்குற எல்லா மருந்தையும் எடுத்துட்டு வாங்க, விரதத்துல எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவீங்கன்னு சொல்லுங்க. கர்ப்பமா இருக்குறவங்க, கிட்னி பிரச்சினை இருக்குறவங்க, இதுக்கு முன்னாடி சீனி கொறைஞ்சு மயங்கி விழுந்தவங்க டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் விரதத்த ஆரம்பிக்காதீங்க."

இதுல கடைசி வரி "சிலர்" வரி, யாருக்குன்னு முன்னாடியே சொல்லிடுது பாருங்க. "எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவீங்க"ங்குறத மிஸ்ஸி சேக்க சொன்னாங்க, ஏன்னா விரதம்னு சொன்னா ஒருத்தர் சைவம் மூனு வேளை சாப்பிடுறார், இன்னொருத்தர் பாலும் பழமும் மட்டும், இன்னொருத்தர் ராத்திரி ஒருவேளை சோறு, டாக்டருக்கு இது தெரியாம மருந்து மாத்த முடியாது.

ரெண்டாவது கண்ணு

டாக்டர் பாத்ததுக்கு அப்புறம் மருத்துவம் தெரியாத ஒருத்தர் படிக்கணும். எங்களுக்கு கிளினிக் கூட்டுற அக்கா. அவங்ககிட்ட "நல்லாருக்கா"ன்னு கேக்கக் கூடாது, நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. படிச்சிட்டு "இப்ப நீங்க என்ன செய்வீங்கக்கா"ன்னு கேளுங்க. டிசம்பர் 9 குறிப்புல நான் "சீனி 3.9க்கு கீழ எறங்கினா 3 கரண்டி சீனி கலந்த தண்ணி குடிங்க"ன்னு எழுதியிருந்தேன், டாக்டரும் சரின்னுட்டாரு. அக்கா படிச்சிட்டு "நான் தேத்தண்ணில 4 கரண்டி சீனி போடுறேன், அது 3.9க்கு கீழ எறங்கலயே, அப்ப எனக்கு இது வேணாம்ல"ன்னாங்க. எங்களுக்கு சீனின்னா ரத்தத்துல இருக்குறது, அவங்களுக்கு சீனின்னா டப்பால இருக்குறது. அப்புறம் "மெஷின்ல காட்டுற எண் 3.9க்கு கீழ இருந்தா, இல்ல கை நடுங்கி வேர்த்து படபடன்னு வந்தா, அர கிளாஸ் தண்ணில 3 தேக்கரண்டி சீனி கலக்கி ஒடனே குடிங்க, விரதத்த அன்னைக்கு விட்டுடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப குத்திப் பாருங்க"ன்னு மாத்துனோம். மைலோ, சாக்லேட் போதாது, அதுல இருக்குற கொழுப்பு சீனி ஏறுறத தாமதமாக்கும், அதையும் ஒரு வரில சேத்தோம், ஏன்னா நம்ம ஆளுங்க மொதல்ல கைய நீட்டுறது மைலோ டின்னுக்குத்தான். நெனவு தப்புனவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வெச்சு 999 கூப்பிடுங்கங்குறது கடைசி வரி, ஆனா படத்துல அது மேல பெரிய எழுத்துல.

விரதத்த விடுறது பாவம்னு நெனச்சு மயங்குற வரைக்கும் தாங்குறவங்க இருக்காங்க, அதனால "விட்டுடுங்க"ங்குற வார்த்தைய டாக்டர் தன் வாயால சொல்ற மாதிரி போட்டோம். இது என் மனசுக்கு ரொம்ப முக்கியமான வரி.

சரிபாத்ததுக்கு அப்புறம் ஒரு எழுத்த தொடாதீங்க

எனக்கு வயித்தக் கலக்குன சம்பவம் இதுதான். ஒரு தடவ டாக்டர் கையெழுத்து போட்ட குறிப்ப படமா மாத்தும்போது எழுத்து அடங்கல. நல்லா தெரியணும்னு ஒரு வரிய சுருக்கிட்டேன். "டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் மருந்து நேரத்த மாத்துங்க"ன்னு இருந்தது "மருந்து நேரத்த மாத்துங்க"ன்னு ஆயிடுச்சு. ஷெட்யூலும் பண்ணிட்டேன். போறதுக்கு முந்துன நாள் மிஸ்ஸி தற்செயலா பாத்து ஓடி வந்தாங்க. சுருக்கும்போது மொதல்ல போறது எப்பவும் எச்சரிக்கைதான், ஏன்னா அதுதான் நீளமா இருக்கும்.

அதனால இப்ப டாக்டர் பாக்குறது வெறும் எழுத்த இல்ல, கடைசி படத்தையும் அதுக்கு மேல வர்ற எழுத்தையும் சேத்து, போன்ல எப்படி தெரியுமோ அப்படியே. பேஸ்புக்ல முத ரெண்டு மூனு வரிக்கு அப்புறம் மடிச்சிடும், அமுக்குனாத்தான் மீதி வரும், நெறைய பேர் அமுக்க மாட்டாங்க, அதனால எச்சரிக்கை அந்த முத வரிகள்ல இருக்கணும். வாட்சப்ல படத்த மட்டும் தூக்கி அடுத்தவங்களுக்கு அனுப்புவாங்க, கூட இருந்த எழுத்து போகாது, அதனால படத்துக்குள்ளயும் எச்சரிக்கை இருக்கணும், கூடவே டாக்டர் பாத்த மாசமும் வருஷமும் ஓரத்துல போடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு யாரோ அனுப்புனாலும் பழசுன்னு தெரியும்.

கூகுள் ஷீட்ல ஒரு கணக்கு வெச்சிருக்கேன். A காலம் போகப்போற தேதி, B தலைப்பு, C டாக்டர் கையெழுத்து போட்ட தேதியும் மணியும், D கடைசியா நான் எதையாச்சும் மாத்துன தேதியும் மணியும். E காலத்துல இத போட்டா போதும்:

```
=IF(C2="","நிறுத்து",IF(D2>C2,"திரும்ப பாரு","போகலாம்"))
```

கையெழுத்துக்கு அப்புறம் நான் ஒரு கமா மாத்துனாலும் D பெருசாகி "திரும்ப பாரு"ன்னு வந்துடும். D காலத்த நேர்மையா நிரப்பணும், அத நிரப்பாம விட்டா இந்த கணக்கு ஒன்னுக்கும் ஆகாது. எந்த ஒரு குறிப்பும் "போகலாம்"னு வராம ஷெட்யூலுக்குள்ள போகாது, இது எங்க கிளினிக்ல டாக்டரே வெச்ச சட்டம்.

ஷெட்யூல் பண்றது

இது சின்ன வேலைதான். பேஸ்புக்குக்கு Meta Business Suite தெறந்து, போஸ்ட் எழுதி, போடு அமுக்காம தேதியும் மணியும் குடுக்குற எடத்துல நேரத்த குடுத்து வெச்சுடலாம். கணக்கோட நேர மண்டலம் மலேசியா நேரமான்னு ஒரு தடவ பாருங்க. வாட்சப்ல நாங்க கையாலதான் அனுப்புறோம், போன்ல அலாரம் வெச்சு. குரூப் போடாதீங்க, பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க. குரூப்புல எல்லாரோட நம்பரும் எல்லாருக்கும் தெரியும், இனிப்புநீர் குறிப்பு வர்ற குரூப்புல ஒருத்தர் நம்பர் இருந்தாலே அவருக்கு என்ன வியாதின்னு பக்கத்து வீட்டுக்காரருக்கு தெரிஞ்சிடும், 2010 தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்துல உடல்நிலை விவரம் தனியா பாதுகாக்க வேண்டிய தகவல். ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதம் எழுதி வாங்கித்தான் சேக்கணும். பிராட்காஸ்ட் ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர் வரைக்கும், கிளினிக் நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாத்தான் போகும், இத கவுண்டர்லயே சொல்லி சேவ் பண்ண வெச்சுடுங்க.

குறிப்புக்குள்ள கிளினிக் பேக்கேஜ், விலை, "எங்ககிட்ட வந்தா இனிப்புநீர் கொணமாகும்" மாதிரி எதுவும் வரக் கூடாது. 1956 மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்துல சில வியாதிகள கொணப்படுத்துறதா விளம்பரம் போடக் கூடாதுன்னு பட்டியலே இருக்கு, இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, கிட்னி, புத்துநோய் எல்லாம் அதுல உண்டு. கிளினிக் சேவைய விளம்பரம் பண்ணனும்னா மருந்து விளம்பர வாரியத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அது வேற வேலை. குறிப்பு குறிப்பாவே இருக்கட்டும்.

போற அன்னைக்கு காலைல

முன்கூட்டியே போட்டு வெச்சதுல ஒரு ஆபத்து, நம்ம மறந்துடுவோம், அது மறக்காது. ஒரு வருஷம் கிளினிக் மூடியிருந்த நாள்ல "இன்னைக்கே வந்து சீனி பாத்துக்கோங்க"ன்னு குறிப்பு போயிடுச்சு, ஒரு பாட்டி கிராப் புடிச்சு வந்து பூட்டுன கதவ பாத்துட்டு போனாங்க, அந்த கிராப் காசு எனக்கு இன்னும் மனச உறுத்துது. இப்ப "இன்னைக்கு", "நாளைக்கு", "இந்த வாரம்"ங்குற வார்த்தையே குறிப்புல கெடையாது, தேதிதான். செவ்வாய் காலைல 9 மணிக்கு நான் மூனு விஷயம் பாப்பேன். கிளினிக் தெறந்திருக்கா, டாக்டர் இருக்காரா, நேத்து ராத்திரி இந்த விஷயத்துல ஏதாச்சும் புதுசா சுகாதார அமைச்சு சொல்லிருக்கா. ஒன்னு இடிச்சாலும் நிறுத்திடுவேன், அதுக்கு டாக்டர் அனுமதி தேவையில்லன்னு முன்கூட்டியே பேசி வெச்சிருக்கோம். போடுறதுக்கு அவர் கையெழுத்து வேணும், நிறுத்துறதுக்கு யாரு வேணாலும் நிறுத்தலாம்.

போனதுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் கீழ வர்ற கேள்விய பாருங்க. "நான் காலைல ரெண்டு மாத்திரை போடுறேன், ஒன்னு போடவா"ன்னு யாராச்சும் கேட்டா அங்கேயே பதில் சொல்லாதீங்க, மிஸ்ஸி போன் பண்ணுவாங்கன்னு மட்டும் எழுதி உண்மையா போன் பண்ண வைங்க. அந்த ஒரு ஆளுக்குச் சொல்ற பதில பத்து பேர் தனக்கும்னு எடுத்துக்குவாங்க.

தப்பு போயிடுச்சுன்னா சத்தமில்லாம அழிக்காதீங்க. படம் ஏற்கனவே பல போனுக்கு போயிருக்கும். சிவப்பு ஓரம் போட்டு "முந்தைய படத்துல இருந்த இந்த வரி தப்பு, சரியானது இது"ன்னு புதுப் படம் அதே லிஸ்ட்டுக்கு அனுப்புங்க, அதுக்கும் டாக்டர் கையெழுத்து வாங்கித்தான்.

ஜனவரி 20 கால் குறிப்புக்கு ஒன்னு சொல்லிடுறேன். இனிப்புநீர் நாள்பட்டவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி கொறைஞ்சிருக்கும், தண்ணீர்மலைக்கு வெறுங்காலோட தார் ரோட்டுல நடந்தா கொப்புளம் வந்ததே தெரியாது. நான் "வெறுங்கால்ல நடக்காதீங்க"ன்னு எழுதுனேன், டாக்டர் அத அடிக்கல, ஆனா "நடக்குறவங்க நடக்கத்தான் போறாங்க"ன்னு பக்கத்துல எழுதி, வெயிலுக்கு முன்னாடி விடியக்காலைல நடங்க, வீட்டுக்கு வந்ததும் பாதத்த கண்ணாடி வெச்சு பாருங்க, கொப்புளத்த ஒடைக்காம மறுநாளே வாங்கன்னு சேத்தாரு. வேணாம்னு மட்டும் சொன்னா கேக்காதவங்களுக்கு நம்மகிட்ட ஒரு வார்த்தையும் இல்லாம போயிடும்.

அடுத்த வருஷத்துக்கு இதே நாலையும் எடுத்து தேதிய மட்டும் மாத்திப் போடலாம்னு தோணும். C காலத்த காலியாக்கிட்டு புதுசா டாக்டர்கிட்ட குடுங்க, பழைய கையெழுத்து செல்லாது. தேதியும் சும்மா நகத்த முடியாது. 2027 தைப்பூசம் ஜனவரி 22, 48 நாள் பின்னாடி போனா 2026 டிசம்பர் 5, போன தடவ மாதிரி அதுக்கு 27 நாள் முன்னாடின்னு எண்ணுனா நவம்பர் 8ல வந்து நிக்குது, அன்னைக்கு தீபாவளி. முறுக்கு சுடுற வாரத்துல விரதக் குறிப்ப யாரும் பாக்க மாட்டாங்க, டாக்டரும் லீவுல இருப்பார். அதனால நவம்பர் 10 செவ்வாய்க்கு வெச்சிருக்கேன், எழுதி முடிக்கிறது அக்டோபர் 20, கையெழுத்து 27க்குள்ள, ஷெட்யூல் நவம்பர் 3. ஷீட்ல நாலு வரியும் போட்டாச்சு, E காலம் நாலுலயும் இப்போதைக்கு "நிறுத்து"ன்னுதான் காட்டுது.